செய்தியாளரிடம் ஆய்வு நேர்காணல் கேட்டு மெயில் எழுதும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் தமிழ் நாளிதழுக்குச் செய்தி எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீடு எங்கள் ஊரின் நிரந்தரச் செய்தி. அதனால் பொள்ளாச்சி, கோவை, பாலக்காட்டுச் சித்தூர் என்று பல ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் ஆய்வேட்டுக்காக “நிபுணர் நேர்காணல்” கேட்டு மெயில் வருகிறது. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் நீர்ச் செய்தியைச் சுற்றியே இருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

“சார், மெயில் அனுப்பி ரெண்டு வாரம் ஆச்சு, எந்த நிருபரும் பதில் போடல. என் மெயில்ல என்ன குறை?”

இந்த மாணவர் தன் மெயிலையும் கீழே ஒட்டியிருந்தார். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாமல் தருகிறேன்:

> பொருள்: நேர்காணல் தொடர்பாக
>
> மதிப்பிற்குரிய ஐயா, நான் இதழியல் மாணவன். என் ஆய்வேட்டிற்காக உங்களைப் போன்ற நிபுணரின் கருத்து மிகவும் தேவைப்படுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் என்றால் என்ன, அதன் வரலாறு என்ன, பிரச்சினைக்குத் தீர்வு என்ன என்பதைத் தாங்கள் விளக்க வேண்டும். கேள்விகளை இணைத்துள்ளேன். விரைவில் பதில் எதிர்பார்க்கிறேன். நன்றி.

மரியாதையான மெயில்தான். ஆனால் இதைத் திறக்கும் நிருபருக்கு மூன்று விஷயங்கள் தெரியவில்லை: எழுதியது யார், ஏன் என்னிடம், என்னிடமிருந்து எவ்வளவு நேரம் வேண்டும்.

முதலாவது, எல்லையில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் கணக்கில் வரும். கோடையில் சித்தூர்ப் புழையில் தண்ணீர் குறைந்தால் இங்கே மறியல் நடக்கும். அந்தப் பக்கம் விவசாயிகள் சங்கம் கூட்டம் போடும். அப்படிப்பட்ட வாரத்தில், கல்லூரிப் பெயர்கூட இல்லாத ஒரு மெயில், ஒப்பந்தத்துக்கு என்ன தீர்வு என்று நிருபரின் கருத்தைக் கேட்டால் அவர் தயங்கத்தான் செய்வார். அவர் சொல்லும் ஒரு வரி நாளை ஒரு மேடையில் போய் நிற்கலாம்.

இரண்டாவது, கேட்டிருக்கும் கேள்விகள் என்னிடம் வர வேண்டியவையே அல்ல. ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது, ஜூலை முதல் ஜூன் வரையிலான நீர் ஆண்டில் மணக்கடவுத் தடுப்பணையில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும், 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று ஒரு விதி இருக்கிறது. இவ்வளவும் அச்சில் கிடைப்பவை. இவற்றை என் வாயால் சொல்ல வைத்து மேற்கோள் குறிக்குள் போட்டால் உங்கள் ஆய்வேடு பலவீனமாகும். ஒப்பந்தத்தை ஏன் நேரடியாகப் படிக்கவில்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் வேண்டும் என்று மெயிலில் ஒரு வரிகூட இல்லை. இவை போக இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பல மெயில்கள் இதனாலேயே நின்று போகின்றன. அவர் இணைத்திருந்த கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கல்லூரிக் கணினியில் அழகாகத் தெரிந்திருக்கும். நிருபரின் கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். நாங்கள் மெயில் பார்ப்பது பெரும்பாலும் பேருந்திலோ பஞ்சாயத்து அலுவலக வராந்தாவிலோ நின்றுகொண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்து, மெயிலின் உடலிலேயே எழுதுங்கள்.

“நிருபரை நிபுணர்னு எழுதினா எங்க கைடு ஒத்துக்க மாட்டேங்கறார். பேராசிரியரையோ இன்ஜினியரையோ பாருன்னு சொல்றார். நான் என்ன சொல்றது?”

வழிகாட்டி கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உங்கள் ஆய்வுத் தலைப்பில் இருக்கிறது. அணையின் கொள்ளளவு பற்றி ஆய்வு என்றால் பொறியாளர்தான் நிபுணர். நீர்ப் பங்கீடு செய்தியாக மாறும் விதம் பற்றி ஆய்வு என்றால் அந்தச் செய்தியை எழுதுகிறவர்தான் நிபுணர்.

முறையியல் அத்தியாயத்தில் எழுத உங்களுக்கு ஆதாரமும் உண்டு. நிபுணர் நேர்காணல் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர்கள் மோய்சரும் நாகெலும் 1991இல் எழுதியதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒருவருடைய பட்டமோ முழு வாழ்க்கையோ அங்கே முக்கியமில்லை. ஒரு துறையின் செயல்பாட்டில் அவருக்கு இருக்கும் பங்கும் அதனால் அவருக்கு மட்டும் தெரியவரும் நடைமுறையும்தான் முக்கியம் என்பது அவர்கள் பார்வை. நிருபருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆழியாறு அணையில் திறந்து விடும் அளவு ஒன்று. அந்தத் தண்ணீர் ஆற்றில் வந்து மணக்கடவில் அளக்கப்படும் அளவு இன்னொன்று. கேரளத்தின் பங்கு கணக்கிடப்படுவது மணக்கடவில். ஆகவே ஒரே நாளைப் பற்றி இரண்டு எண்கள் இருக்கும், இரண்டும் பொய்யல்ல. கோவைப் பதிப்பில் வேலை செய்கிறவருக்கு அணைப் பக்கத்து எண் எளிதாகக் கிடைக்கும். பாலக்காட்டுப் பதிப்பில் இருக்கிறவருக்கு மணக்கடவு எண்ணும், அதற்குக் கீழே மூலத்தறையிலிருந்து கால்வாய்க்குப் போகும் கணக்கும் எளிதாகக் கிடைக்கும். எந்த எண் முதல் வரிக்கு வருகிறது, எது கடைசிப் பத்தியில் போய் இடமில்லாமல் வெட்டுப்படுகிறது என்பதை எந்தக் கோப்பிலும் பார்க்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் நிருபரும் அவருடைய டெஸ்க்கில் இருப்பவரும்தான். உங்கள் வழிகாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், இதையே மெயிலிலும் எழுதுங்கள்.

“சரி சார், அப்ப மெயிலை எப்படித்தான் எழுதணும்? ஒரு மாதிரி குடுங்க.”

மேலே சொன்ன மாணவர் திருத்தி அனுப்பிய மெயில் இது. பெயர் வர வேண்டிய இடங்களை விட்டிருக்கிறேன்.

> பொருள்: ஆய்வு நேர்காணல் – மணக்கடவு நீர் அளவுச் செய்திகள் – 45 நிமிடம்
>
> வணக்கம் சார்.
>
> நான் (பெயர்), பொள்ளாச்சி (கல்லூரி), முதுகலை இதழியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வு வழிகாட்டி (பெயர், துறை, தொலைபேசி எண்). துறைத் தலைவரின் கடிதம் இணைப்பில் உள்ளது.
>
> எல்லையின் இரு பக்கமும் உள்ள நாளிதழ்களில் பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ச் செய்தி எப்படி உருவாகிறது என்பது என் ஆய்வு. ஜனவரி முதல் மே வரை இரண்டு கோவைப் பதிப்புகளிலும் இரண்டு பாலக்காட்டுப் பதிப்புகளிலும் வந்த செய்திகளைத் தொகுத்துவிட்டேன். ஒப்பந்தத்தையும் படித்துவிட்டேன்.
>
> பல செய்திகளில் அணையில் திறந்த அளவோ மணக்கடவில் வந்த அளவோ, ஏதாவது ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் எழுதிய இரண்டு செய்திகளில் (தேதிகள்) இரண்டு எண்களும் இருக்கின்றன. அந்த எண்கள் உங்களிடம் எப்படி வருகின்றன, எதை முதலில் வைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறேன். நீர்ப் பிரச்சினையின் தீர்வு பற்றி உங்கள் கருத்து எனக்குத் தேவையில்லை.
>
> நேரம் 45 நிமிடம். கொழிஞ்சாம்பாறைக்கு நானே வருகிறேன். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் எந்த நாள் முற்பகலும் சரி. நீங்கள் அனுமதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்வேன். உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பயன்படுத்தும் மேற்கோள்களை முன்கூட்டியே உங்களுக்கு அனுப்புவேன். உங்கள் நாளிதழின் அனுமதி தேவையென்றால், ஆசிரியர் பெயருக்குத் தனிக் கடிதம் தருகிறேன்.
>
> (பெயர், கைபேசி எண்)

இதற்கு மறுநாளே பதில் போனது. இதில் இரண்டு இடங்களை மட்டும் கவனிக்கச் சொல்வேன்.

ஒன்று, “உங்கள் கருத்து எனக்குத் தேவையில்லை” என்ற வரி. படிக்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நிருபரின் பெரிய பயத்தைத் தீர்ப்பது அந்த வரிதான். இரண்டு மாநிலத்து அதிகாரிகளிடமும் தினமும் பேச வேண்டியவர் அவர். எந்தப் பக்கம் நியாயம் என்று ஆய்வேட்டில் அவர் சொன்னதாக வந்துவிட்டால், மறுநாள் ஒரு பக்கத்து அலுவலகத்தில் போனை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அனுமதி பற்றிய கடைசி வரி. சிற்றூர்களில் செய்தி தருகிறவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல, பகுதி நேர நிருபர்கள். தங்கள் நாளிதழின் உள்வேலை பற்றி வெளியே பேச அவர்களுக்கு எழுத்தில் அனுமதி இருக்காது. பேசினால் வேலைக்கே ஆபத்து வரலாம். அதை நீங்களே முதலில் எழுப்பினால், அவர் மெயிலைத் தட்டிக்கழிக்காமல் “ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று பதில் போட வழி கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை முற்பகல் சரியான தேர்வு. பிற்பகலில் செய்தி தட்டச்சு ஆகும், மாலையில் டெஸ்க்கிலிருந்து சந்தேகம் கேட்டு அழைப்புகள் வரும். மெயிலையும் காலையில் அனுப்புங்கள். மாலை அனுப்பினால் கட்சி அறிக்கைகளுக்கும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களுக்கும் அடியில் போய்விடும்.

“கேள்விகளை முன்னாடியே அனுப்பணுமா? அனுப்பினா தயார் பண்ணி வெச்ச பதில்தானே வரும்?”

தலைப்புகளை அனுப்புங்கள், முழுக் கேள்விப் பட்டியலை அனுப்ப வேண்டாம். நான்கு தலைப்பு போதும்: எண்கள் வரும் வழி, எது செய்தி என்ற தேர்வு, டெஸ்க்கில் நடக்கும் மாற்றம், எல்லையின் அந்தப் பக்கத்து நிருபர்களோடு உள்ள தொடர்பு.

தலைப்புகளோடு, நீங்கள் பேச விரும்பும் இரண்டு மூன்று செய்திகளின் நறுக்குகளையும் படமாக எடுத்து அனுப்பினால் பேட்டியின் தரமே மாறும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “செய்தியை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்றால் “மக்களுக்கு எது முக்கியமோ அதை” என்பேன், வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதே கேள்வியை ஒரு நறுக்கை மேசையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்: “இந்தச் செய்தியில் மணக்கடவு அளவு மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும்போதும் அங்கேதான் இருந்ததா?” அப்போது நிருபர் கைபேசியில் தான் அனுப்பிய மூலப் பிரதியைத் தேடி எடுப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரி போனது, எந்தத் தலைப்பு டெஸ்க்கில் மாறியது என்று கண்ணாலேயே தெரியும். ஒரு மணி நேரக் கருத்தைவிட அந்த ஒரு ஒப்பீடு ஆய்வேட்டுக்கு அதிகம் பயன்படும்.

எண்களை வீட்டிலேயே சரிபார்த்துவிட்டு வாருங்கள். ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அப்படியானால் 300 கன அடி வீதம் 30 நாள் ஓடினால் ஏறத்தாழ 77 கோடியே 76 லட்சம் கன அடி, அதாவது 0.78 டி.எம்.சி. ஆண்டுப் பங்கான 7.25இல் அது ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வருகிற மாணவர், “300 கன அடி திறப்பு என்ற தலைப்பு வாசகருக்கு எவ்வளவு புரியும் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்க முடியும். போடாமல் வருகிறவர் 300 கன அடி என்றால் அதிகமா குறைவா என்று என்னிடம் கேட்பார். பேட்டியில் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

“மெயில்லயே கேள்வி அனுப்பறேன், நீங்க டைப் பண்ணி அனுப்பிடுங்க சார். ரெண்டு பேருக்கும் ஈஸிதானே?”

உங்களுக்கு எளிது. நிருபருக்கு, எழுதுவதே பிழைப்பாக இருப்பதால், அது இன்னொரு செய்தி எழுதுவதற்குச் சமம். அதோடு எழுத்தில் வரும் பதில் கவனமாக மெழுகப்பட்டிருக்கும், ஒரு பதிலிலிருந்து அடுத்த கேள்விக்குப் போக முடியாது. நேரில் முடியாவிட்டால் தொலைபேசி. மெயிலை, பேட்டிக்குப் பின் ஒரு தேதியையோ எண்ணையோ சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்க பேர் போடலாமா? இல்ல ‘செய்தியாளர் 1’னு போட்டுட்டா பிரச்சினை இல்லைல்ல?”

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஏனென்றால் “செய்தியாளர் 1” என்று போட்டால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பெரிய நகரத்தில் பலிக்கலாம், எங்கள் ஊரில் பலிக்காது.

“கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நீண்ட காலமாக நீர்ச் செய்திகள் எழுதும் தமிழ் நாளிதழ் நிருபர்” என்று எழுதிப் பாருங்கள். பெயர் இல்லை. ஆனால் இங்கே தேநீர்க் கடையில் நிற்கும் யாரிடம் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நாளிதழின் மொழி, வட்டாரம், அனுபவம், செய்தித் துறை ஆகிய நான்கும் சேர்ந்தாலே அது முகவரி ஆகிவிடுகிறது. உண்மையில் மறைக்க வேண்டுமென்றால் இவற்றில் இரண்டையாவது தளர்த்த வேண்டும். “பாலக்காடு–கோவை எல்லைப் பகுதியில் பணியாற்றும் செய்தியாளர்” என்றால் ஓரளவு மறையும். அப்படித் தளர்த்தினால், தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் எப்படி வேறுபடுகின்றன என்ற உங்கள் அலசல் பலவீனமாகலாம். இந்த இழப்பை முன்கூட்டியே யோசித்துவிட்டு மெயில் எழுதுங்கள்.

இன்னொரு வலை இருக்கிறது. ஒரே நிருபர் சில விஷயங்களைப் பெயரோடும் சிலவற்றைப் பெயரில்லாமலும் சொல்வார். மாணவர் நேர்மையாக 41ஆம் பக்கத்தில் பெயர் போட்டு ஒரு மேற்கோளும், 43ஆம் பக்கத்தில் “ஒரு செய்தியாளர் சொன்னது” என்று இன்னொன்றும் தருவார். இரண்டிலும் அதே மூலத்தறை, அதே கோடை, அதே பேச்சு நடை. படிப்பவர் இரண்டையும் சேர்த்துவிடுவார். ஆய்வேடு முடித்த பின் தன் பிரதியை எதிர்க் கண்ணோட்டத்தோடு ஒருமுறை படித்துப் பார்ப்பதுதான் இதற்கு வழி: இந்தப் பத்தியை யார் சொன்னார் என்று எனக்குத் தெரியாவிட்டால், மற்ற பக்கங்களை வைத்துக் கண்டுபிடிப்பேனா?

என் யோசனை, இயன்றவரை பெயரோடு பேசக்கூடியதை மட்டும் கேளுங்கள். அச்சில் வந்த செய்திகளைப் பற்றிய கேள்வி என்றால் பெரும்பாலோர் பெயர் போட ஒப்புக்கொள்வார்கள். அந்தச் செய்திகளில் ஏற்கெனவே அவர் பெயர் இருக்கிறது. பேட்டியின் நடுவில் “இது ஆஃப் த ரெக்கார்டு” என்று அவர் சொன்னால், உடனே பதிவை நிறுத்தி, எதிலிருந்து எதுவரை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் ஊகிக்கக் கூடாது.

“அந்த நீர் அளவு விவரம் உங்களுக்கு எந்த அதிகாரி குடுத்தார்னு கேட்கலாமா? ஆய்வுக்குத்தானே, வெளிய சொல்ல மாட்டேன்.”

கேட்காதீர்கள். “பெயர் வேண்டாம், பதவி மட்டும் சொல்லுங்கள்” என்பதும் வேண்டாம். ஒரு பதவியில் ஒருவர்தான் இருப்பார்.

உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மன்றத்தின் விசாரணையில்கூட செய்தி மூலத்தை வெளியிடும்படி செய்தியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் நீதிமன்றத்தின் முன் அப்படிப்பட்ட பொதுவான பாதுகாப்பு நம் நாட்டில் செய்தியாளருக்கே இல்லை. மாணவருக்கு எங்கிருந்து வரும்? அந்தப் பெயர் உங்கள் ஒலிப்பதிவில் இருந்தால், பதிவு உங்கள் மடிக்கணினியில், வழிகாட்டியின் மெயிலில், எழுத்தாக்கம் செய்து தந்த நண்பரின் கைபேசியில் என்று மூன்று நான்கு இடத்தில் இருக்கும். தெரியாத பெயரை யாராலும் உங்களிடமிருந்து வாங்க முடியாது.

ஆய்வுக்கு வேண்டியது பெயரில்லாமலே கிடைக்கும். “எண் உங்களுக்கு எழுத்தில் வருமா, பேச்சில் வருமா?”, “இரண்டு பக்கத்து எண்ணும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வீர்கள்?”, “யார் தரும் எண் சீக்கிரம் வருகிறது?” இப்படிக் கேட்டால் நடைமுறை முழுவதையும் சொல்லிவிடலாம். அதிகாரபூர்வமான அளவே வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு மாநில நீர்வளத் துறைகளுக்கும் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. இந்த 30 நாளை ஆய்வு அட்டவணையில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

“பேட்டி எந்த மொழியில சார்? நான் தமிழ், சில நிருபர்கள் மலையாளம்தான் பேசுவாங்க.”

அவர் எதில் பேசுகிறாரோ அதில். இந்த வட்டாரத்து நிருபர்கள் இரண்டையும் கலந்துதான் பேசுவோம். எழுத்தாக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே வைத்து, தேவையான இடத்தில் பக்கத்தில் தமிழில் தாருங்கள். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று ஒரு வரி குறிப்பிட வேண்டும். மலையாளம் புரியாவிட்டால் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு நண்பரோடு வருவதாக இருந்தால் அவர் யார் என்பதையும் சேர்த்து. முன்சொல்லாமல் மூன்றாவது ஆளோடு வந்தால் நிருபர் பேசும் விதமே மாறிவிடும்.

“மேற்கோளை முன்னாடியே காட்டினா அதையும் இதையும் வெட்டச் சொல்வாங்களே?”

சொல்வார்கள். அதனால் எதைக் காட்டுகிறீர்கள் என்பதை மெயிலிலேயே வரையறுத்துவிடுங்கள்: அவர் சொன்ன வார்த்தைகள், அவற்றில் உள்ள தேதி, எண், பெயர். இவற்றில் பிழை இருந்தால் திருத்தலாம், விலக்கச் சொன்னால் விலக்கலாம். அந்த மேற்கோளை வைத்து நீங்கள் எடுக்கும் முடிவு உங்களுடையது, அதைக் காட்ட வேண்டியதில்லை. நிருபர்களுக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும், நாங்களே தினமும் அதில்தான் நிற்கிறோம். பதில் தர ஒரு தேதியும் கொடுங்கள். “வரும் வெள்ளிக்குள் திருத்தம் இல்லையென்றால் இப்படியே பயன்படுத்துகிறேன்” என்று எழுதுவது மரியாதைக் குறைவல்ல.

“நிருபருக்குப் பணம் ஏதாவது குடுக்கணுமா?”

வேண்டாம். தேநீருக்கு மேல் எதுவும் வேண்டாம். கேட்கிறவர் இருந்தால் அவரை விட்டுவிடுங்கள்.

“ஒரு நிருபர் போதுமா? எத்தனை பேருக்கு மெயில் போடணும்?”

முதுகலை ஆய்வேட்டுக்கு எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். எல்லையின் ஒரே பக்கத்தில் ஆறு பேரைப் பேட்டி எடுத்தால் ஒரே கதை ஆறு முறை வரும். பொள்ளாச்சியில் அணைப் பக்கத்துச் செய்தி எழுதும் ஒருவர், சித்தூர்ப் பக்கத்தில் மலையாள நாளிதழுக்கு எழுதும் ஒருவர், எங்களைப் போல கேரளத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் ஒருவர், முடிந்தால் இரண்டு பதிப்புகளின் டெஸ்க்கிலும் ஒருவர். இவ்வளவு இருந்தால் ஒரே திறப்பு, ஒரே வாரம் ஆகியவற்றை ஐந்து கோணத்தில் பார்க்கலாம்.

மெயிலை மட்டும் ஒரே பிரதியாக எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள், அன்று மாலையே பேசிக்கொள்வோம். “உங்கள் செய்தியை விரும்பிப் படித்தேன்” என்ற அதே வரி மூன்று பேருக்கும் போயிருந்தால் அது தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது ஒரே பத்திதான்: அவர் எழுதிய எந்தச் செய்தி, அதில் என்ன கேள்வி.

“பதில் வரலைன்னா எத்தனை தடவை ஞாபகப்படுத்தலாம்?”

ஒரு வாரம் கழித்து, அதே மெயிலின் தொடர்ச்சியாக, இரண்டு வரியில் ஒருமுறை. அதற்கும் பதில் இல்லையென்றால் முற்பகலில் ஒரு போன். அதோடு விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். பங்கீட்டுக் கூட்டம், மறியல், தேர்தல் நடக்கும் வாரமாக இருந்தால் அது முடியும்வரை காத்திருங்கள். அந்த வாரத்தில் வந்த “பதில் இல்லை” என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“ஆய்வேடு முடிஞ்சதும் உங்களுக்கு அனுப்பணுமா? யாராவது படிப்பாங்களா?”

அனுப்புங்கள், படிப்போம். முழு ஆய்வேடு மெயிலில் போக முடியாத அளவு பெரிதாக இருந்தால், பேட்டி வரும் அத்தியாயமும் நீங்கள் தொகுத்த செய்திகளின் அட்டவணையும் போதும். அந்த அட்டவணையை நான் குறிப்பாகக் கேட்பேன். தேதி, நாளிதழ், பதிப்பு, பக்கம், அணையில் திறந்த அளவு, மணக்கடவு அளவு என்று ஐந்து மாதத்துக்கு நீங்கள் வரிசைப்படுத்தியிருப்பீர்கள். எங்கள் உள்ளூர்ப் பக்கங்களின் பழைய பிரதிகள் இணையத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. அலுவலகக் கட்டுகளிலும் அடுத்த மாநிலத்துப் பதிப்பு இருக்காது. இரண்டு பக்கத்துச் செய்தியும் ஒரே தாளில் இருக்கும் அட்டவணை எங்களில் யாரிடமும் இல்லை. அடுத்த ஜனவரியில் தண்ணீர் குறையும்போது, போன ஆண்டு இதே வாரத்தில் என்ன அளவு எழுதினோம் என்று பார்க்க எனக்கு அதுதான் உதவும்.